பதினாறு வீடுகளுக்கு ஒரு லிஃப்ட்: ஒரு நாளின் மின்செலவை அளந்து பார்த்த அனுபவம்

பின்னணி

சென்னையின் தென்புறநகரில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 2023 ஜனவரி முதல் மே வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். கீழே வாகன நிறுத்தத் தளம், அதற்கு மேல் நான்கு மாடிகள், மாடிக்கு நான்கு வீடுகள். மின்பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், அங்கு குடியிருக்கும் என்னிடம் சங்கச் செயலாளர் இந்தப் பொறுப்பைக் கொடுத்தார்.

லிஃப்ட் 2011-இல் பொருத்தப்பட்டது. ஆறு பேர், அதாவது 408 கிலோ ஏற்றக்கூடியது. வேகம் நொடிக்கு 0.68 மீட்டர். மொட்டைமாடியில் உள்ள இயந்திர அறையில் பற்சக்கரப் பெட்டியோடு இணைந்த 5 குதிரைத்திறன் (3.7 கிலோவாட்) மும்முனை மோட்டாரும், அதன் வேகத்தைச் சீராக ஏற்றி இறக்கும் மின்னணு டிரைவும் இருக்கின்றன. கூண்டு அடித்தளத்திலிருந்து நான்காம் மாடிவரை ஏறும் உயரம் 12 மீட்டர்.

சிக்கல் இரண்டு முனைகளில் எழுந்தது. 2022 செப்டம்பரில் குடியிருப்புகளின் பொதுப் பயன்பாட்டு இணைப்புகளுக்கெனத் தனிக் கட்டண வகை வந்தது. யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றும், அதற்கு மேல் அனுமதிக்கப்பட்ட பளுவின் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் நிலைக்கட்டணம் என்றும் ஆனபோது, எங்கள் இரண்டு மாதப் பொது பில் அதுவரை பார்த்திராத தொகைக்கு உயர்ந்தது. அந்தக் காலத்துப் பயன்பாடு 1,380 யூனிட். அதே சமயத்தில், டிசம்பரில் மின்தடை இருந்த இரண்டு நாள்களில், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தபோதே லிஃப்ட் இரு மாடிகளுக்கு இடையில் நின்றுவிட்டது. இரண்டாம் முறை உள்ளே இருந்தவர் டயாலிசிஸ் முடித்து வீடு திரும்பிய மூதாட்டி ஒருவர். அவரை வெளியே கொண்டுவர ஏறக்குறைய இருபது நிமிடம் பிடித்தது.

ஜனவரியில் கூடிய கூட்டத்தில் எல்லாப் பழியும் லிஃப்டின் மேல் விழுந்தது. மோட்டாரின் பெயர்ப்பலகையில் 3.7 கிலோவாட் என்று இருப்பதையும், லிஃப்ட் நாளில் ஆறு மணி நேரமாவது ஓடும் என்ற ஊகத்தையும் பெருக்கி, நாளொன்றுக்கு 22 யூனிட் லிஃப்டுக்கே போகிறது என்று ஒருவர் கணக்குச் சொன்னார். இரண்டு மாத பில்லை அறுபதால் வகுத்தால் நாளுக்கு 23 யூனிட் வருகிறது. ஆகவே அந்தக் கணக்கு பார்வைக்குச் சரியாகவே பொருந்தியது. தண்ணீர் மோட்டாருக்கும் விளக்குகளுக்கும் மீதம் ஒரு யூனிட்தான் இருக்கிறது என்பதை அப்போது யாரும் கேட்கவில்லை.

அன்று வைக்கப்பட்ட யோசனைகள் நான்கு. இரவு 11 மணி முதல் காலை 5 மணிவரை லிஃப்டை நிறுத்திவிடுவது. இறங்கும்போது அனைவரும் படிக்கட்டைப் பயன்படுத்துவது. பற்சக்கரம் இல்லாத புதுவகை இயந்திரத்துக்கு மாறினால் மின்செலவு பாதியாகும் என்று ஒரு நிறுவனம் தந்திருந்த பல லட்ச ரூபாய் மதிப்பீட்டை ஏற்பது. ஜெனரேட்டரை விட்டுவிட்டு 5 கே.வி.ஏ. இன்வெர்ட்டர் வாங்குவது. எதையும் முடிவு செய்யும் முன் ஒரு மாதம் அளந்து பார்க்கலாம் என்று நான் கேட்டுக்கொண்டேன்.

முதல் அளவீடும் அதில் நேர்ந்த தவறும்

இயந்திர அறையில் லிஃப்டின் மெயின் சுவிட்சுக்கு அடுத்து, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு மும்முனை சப் மீட்டர் ஒன்றைப் பொருத்தினோம். அதில் ஒரு யூனிட்டுக்கு 800 முறை சிறு விளக்கு சிமிட்டும். ஒரு சிமிட்டல் என்பது ஒரு யூனிட்டின் எண்ணூறில் ஒரு பங்கு, அதாவது 1.25 வாட்மணி. விலை கூடிய கருவி ஏதும் இல்லாமல் ஒரு நிறுத்து கடிகாரத்தைக் கொண்டே அந்தக் கணத்தில் எவ்வளவு திறன் இழுக்கப்படுகிறது என்பதைக் கண்டுபிடிக்க இதுவே போதும். இரு சிமிட்டல்களுக்கு இடையே உள்ள நொடிகளால் 4,500-ஐ வகுத்தால் வாட் கிடைத்துவிடும்.

முதல் வாரத்தில் மீட்டர் 20.3 யூனிட் காட்டியது. நாளுக்கு 2.9 யூனிட். கூட்டத்தில் சொல்லப்பட்ட 22 எங்கே, இது எங்கே என்று செயலாளர் நம்ப மறுத்தார். மீட்டர் பழுதா என்று சோதிப்பதற்காக லிஃப்டின் மெயின் சுவிட்சை அணைத்தேன். அப்போதுதான் என் தவறு தெரிந்தது. மெயின் அணைந்த பிறகும் கூண்டுக்குள் குழல்விளக்கு எரிந்துகொண்டும் மின்விசிறி சுற்றிக்கொண்டும் இருந்தன.

இது கோளாறு அன்று. மோட்டாரின் மின்வழியைப் பழுதுபார்ப்பதற்காக அணைத்தாலும், உள்ளே சிக்கியிருப்பவர் இருட்டில் தவிக்கக் கூடாது என்பதற்காகக் கூண்டின் விளக்குக்கும் விசிறிக்கும் தனி ஒருமுனை வழி தருவதே முறை. எங்கள் கட்டடத்தில் அந்த வழி பொது விளக்குப் பலகையிலிருந்து வந்தது. என் மீட்டர் அதைப் பார்க்கவே இல்லை. மெயினை அணைத்துக் கூண்டுக்குள் எட்டிப் பார்க்கும் இந்த ஒரு நிமிடச் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் ஒரு வாரம் வீணாகியிருக்காது. இரண்டாவதாக ஒருமுனை மீட்டர் ஒன்றை அந்த வழியில் பொருத்தினோம். அது நாளுக்கு 2.5 யூனிட் காட்டியது. குழல்விளக்குகள் இரண்டும் பழைய சோக்குகளோடு சேர்ந்து சுமார் 60 வாட், விசிறி 45 வாட்; இரண்டும் இருபத்து நான்கு மணி நேரமும் ஓய்வில்லாமல் ஓடியதன் விளைவு அது.

நாள் முழுவதும் எங்கே செலவாகிறது

மும்முனை வழியில் போன 2.9 யூனிட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. இரவு இரண்டு மணிக்கு, கூண்டு அடித்தளத்தில் அசையாமல் நிற்கும்போது மீட்டரைப் பார்த்தேன். நிமிடத்துக்கு ஒரு முறை சிமிட்டியது. அதாவது 75 வாட். கட்டுப்பாட்டுப் பலகை, விழித்திருக்கும் டிரைவ், ஒவ்வொரு மாடியிலும் எண் காட்டும் பலகைகள், மின்தடையில் கூண்டை அடுத்த மாடிக்குக் கொண்டுசேர்க்கும் மீட்புக் கருவியின் பேட்டரி சார்ஜர் ஆகியவை சேர்ந்து இதைக் குடிக்கின்றன. யாரும் ஏறாவிட்டாலும் நாளுக்கு 1.8 யூனிட் இதற்கே.

மீதி 1.1 யூனிட்தான் கூண்டை நகர்த்தச் செலவானது. கட்டுப்பாட்டுப் பலகையில் உள்ள பயண எண்ணி, நாளுக்குச் சராசரியாக 190 ஓட்டங்கள் என்று காட்டியது. ஓட்டம் ஒன்றுக்கு 13 நொடி என்று கொண்டாலும், மோட்டார் நாள் முழுவதிலும் சுற்றும் நேரம் ஏறக்குறைய 41 நிமிடம். ஆறு மணி நேரம் என்ற ஊகம் எவ்வளவு தொலைவில் இருந்தது என்பது இதிலேயே தெரியும். ஆள்கள் லிஃப்டுக்காகக் காத்திருக்கும் நேரம், கதவு திறந்து மூடும் நேரம், கூண்டு சும்மா நிற்கும் நேரம் எல்லாமே மனத்தில் 'லிஃப்ட் ஓடும் நேரம்' என்றே பதிந்துவிடுகிறது.

ஆக லிஃப்டின் ஒரு நாள் செலவு மொத்தம் சுமார் 5.4 யூனிட். இதில் ஐந்தில் ஒரு பங்குதான் மனிதர்களை ஏற்றி இறக்கியது. மற்ற நான்கு பங்கும் நின்றுகொண்டிருந்ததற்கான செலவு. பெரிய அலுவலகக் கட்டடத்தில், நாளுக்கு ஆயிரக்கணக்கில் ஓட்டங்கள் இருக்கும்போது இந்த விகிதம் புரண்டுவிடும். ஓட்டம் குறைந்த சிறு குடியிருப்புகளில்தான் நிற்கும் செலவு ஓடும் செலவை விழுங்கிவிடுகிறது.

நாளொன்றின் 23 யூனிட்டில் மீதி எங்கே போனது என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரும் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரும் சேர்ந்து ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொண்டன. படிக்கட்டு, வாகனத் தளம், சுற்றுச்சுவர் விளக்குகள் எஞ்சியதை எடுத்துக்கொண்டன. அது தனி ஆய்வுக்குரியது என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

ஏறுவதைவிட இறங்குவதற்கு அதிகம் ஏன்

இறங்கும்போது படிக்கட்டு என்ற யோசனையைச் சோதிக்க, ஒரு ஞாயிறு பிற்பகலில் வெற்றுக் கூண்டை மேலும் கீழும் அனுப்பிச் சிமிட்டல்களை எண்ணினேன். வெற்றுக் கூண்டு நான்காம் மாடிக்கு ஏற 2 சிமிட்டல். அதே வெற்றுக் கூண்டு கீழே இறங்க 12 சிமிட்டல். உடனிருந்த உறுப்பினர் எண்ணிக்கையைத் தலைகீழாக எழுதிவிட்டேன் என்றே நினைத்து, தாமே மூன்று முறை எண்ணிப் பார்த்தார்.

காரணம் எதிர் எடை. கயிற்றின் ஒரு முனையில் கூண்டு தொங்கினால் மறுமுனையில் இரும்புக் கட்டைகள் அடுக்கிய சட்டம் தொங்குகிறது. எங்கள் லிஃப்டில் அதன் எடை, கூண்டின் எடையோடு முழுப் பளுவில் பாதியைக் கூட்டியதற்குச் சமம். ஆகவே கூண்டில் மூன்று பேர் நிற்கும்போது தராசு சமமாக இருக்கும். கூண்டு காலியாக இருந்தால் எதிர் எடை 204 கிலோ கனமாக இருக்கும். வெற்றுக் கூண்டைக் கீழே கொண்டுவருவது என்றால் அந்த 204 கிலோவை மேலே தூக்குவது என்று பொருள். ஆறு பேரை மேலே ஏற்றுவதும் அதே 204 கிலோ வேலைதான்.

இதிலிருந்து மோட்டாருக்கு வேண்டிய திறனையும் கணக்கிடலாம். 204 கிலோவை, புவியீர்ப்புக்கு 9.81 என்று கொண்டு, நொடிக்கு 0.68 மீட்டர் வேகத்தில் தூக்க 1,361 வாட் வேண்டும். பற்சக்கரப் பெட்டியிலும் மோட்டாரிலும் உராய்வாகவும் சூடாகவும் போவது போக, வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கும் குறைவே தூக்கும் வேலையாக மாறுகிறது. எனவே சுமார் 3 கிலோவாட் இழுக்க வேண்டும். வெற்றுக் கூண்டு இறங்கும்போது மீட்டர் ஒன்றரை நொடிக்கு ஒரு முறை சிமிட்டியது. 4,500-ஐ ஒன்றரையால் வகுத்தால் 3,000 வாட். கணக்கும் மீட்டரும் ஒத்துப்போனதில் எனக்கு ஏற்பட்ட நிறைவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஓட்டங்களில் பெரும்பாலானவை ஒருவர் அல்லது இருவர் மட்டும் பயணம் செய்பவை. ஒருவர் மேலே ஏறும்போது எதிர் எடை அவரைத் தூக்கிவிடுகிறது. மோட்டாருக்கு வேலை மிகக் குறைவு. அவர் இறங்கும்போது 136 கிலோ எதிர் எடையை மேலே இழுத்தாக வேண்டும். அப்படியானால் இறங்குவதற்குப் படிக்கட்டைப் பயன்படுத்தினால் மிச்சம்தானே என்று கேட்கலாம். ஏற விரும்பும் அடுத்தவர் கீழே நின்று பொத்தானை அழுத்தியதும் கூண்டு காலியாக இறங்கிவர வேண்டும். அது ஒருவரைச் சுமந்து இறங்குவதைவிட அதிகம் செலவாகும் ஓட்டம். ஏறுவதற்கு மட்டும் லிஃப்ட் என்ற விதி, இறங்கும் ஓட்டங்களை நீக்காது. அவற்றைக் காலி ஓட்டங்களாக மாற்றும்.

ஜெனரேட்டரில் லிஃப்ட் நின்றதன் காரணம்

நாளுக்கு 1.1 யூனிட்தான் ஓட்டத்துக்கு என்று தெரிந்ததும், சிறு இன்வெர்ட்டரே போதும் என்ற குரல் வலுத்தது. மொத்தச் செலவுக்கும், ஒரு கணத்தில் இழுக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே விளக்க வேண்டியிருந்தது. ஒரு குடம் தண்ணீர்தான் வேண்டும் என்றாலும் அதை இரண்டு நொடியில் நிரப்ப வேண்டுமானால் குழாய் பெரிதாக இருக்க வேண்டும்.

ஐந்து பேரை ஏற்றி மேலே அனுப்பி டிரைவின் திரையைக் கவனித்தோம். புறப்பட்டு வேகம் எடுக்கும் இரண்டு நொடிக்குள் 4.8 கிலோவாட்வரை ஏறி, பிறகு 3 கிலோவாட்டுக்குச் சற்றுக் கீழே நிலைத்தது. டிரைவ் இல்லாத பழைய வகையாக இருந்திருந்தால் தொடக்க மின்னோட்டம் இயல்பைப் போல ஐந்தாறு மடங்கு பாய்ந்திருக்கும். டிரைவ் இருப்பதால் ஒன்றரை மடங்கோடு அடங்கியது. ஆனாலும் 5 கே.வி.ஏ. இன்வெர்ட்டருக்கு இது விளிம்பு நிலை. டிரைவ் மின்னோட்டத்தைச் சீராக இழுப்பதில்லை, துண்டு துண்டாக இழுக்கிறது என்பதையும் சேர்த்தால் விளிம்பைத் தாண்டிய நிலை. தவிர, சொல்லப்பட்ட இன்வெர்ட்டர் ஒருமுனை; எங்கள் மோட்டாரின் டிரைவுக்கு மும்முனை தேவை.

அப்படியானால் 10 கே.வி.ஏ. மும்முனை ஜெனரேட்டர் ஏன் தோற்றது? டிரைவின் நினைவில் பதிவாகியிருந்த பிழைப் பட்டியலைப் பார்த்தோம். டிசம்பரின் இரண்டு நிகழ்வுகளிலும் 'குறைந்த மின்னழுத்தம்' என்றே இருந்தது. காவலாளியின் குறிப்பேட்டைப் புரட்டியபோது, இரண்டு நாளும் அதே நேரத்தில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் போடப்பட்டிருந்தது தெரிந்தது. அந்த 3 குதிரைத்திறன் மோட்டார் டிரைவ் எதுவும் இல்லாமல் நேரடியாகக் கிளம்புவது. ஓடும்போது 5 ஆம்பியர். கிளம்பும் கணத்தில் 28 ஆம்பியர், அதாவது சுமார் 20 கே.வி.ஏ. ஜெனரேட்டர் மூச்சு வாங்கி மின்னழுத்தம் சரிந்ததும், டிரைவ் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டது. மின்சாரம் முற்றிலும் போனால்தான் மீட்புக் கருவி விழித்தெழும். இங்கே மின்சாரம் அறவே போகாமல் சரிந்து மீண்டதால் அது செயல்படவில்லை. மூதாட்டி உள்ளே நின்றதற்குக் காரணம் லிஃப்டின் தேவை பெரிதாக இருந்தது அன்று, தண்ணீர் மோட்டார் அதே கணத்தில் கிளம்பியதுதான்.

எடுத்த முடிவுகள்

இரவு நிறுத்தத்தை ஏற்கவில்லை. ஆறு மணி நேரம் 75 வாட்டை மிச்சப்படுத்தினால் அரை யூனிட்டுக்கும் குறைவு, ஓர் இரவுக்கு ஏறக்குறைய நாலு ரூபாய். நடு இரவில் நெஞ்சுவலி வந்த ஒருவரை நான்கு மாடி தூக்கிக்கொண்டு இறங்கும் நிலைக்கு அது ஈடாகாது. மீட்புக் கருவியின் பேட்டரியும் அந்த நேரத்தில் சார்ஜ் ஆகாது. படிக்கட்டு விதியையும் மேலே சொன்ன காரணத்தால் கைவிட்டோம். விரும்பி நடப்பவர் நடக்கலாம்.

இயந்திர மாற்றத்தைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. பற்சக்கரமற்ற இயந்திரம் உண்மையிலேயே சிறந்தது. நிறுவனம் சொன்ன 'பாதி மிச்சம்' என்பதும் ஓட்டச் செலவைப் பொறுத்தவரை பொய்யன்று. ஆனால் பாதியாவது 1.1 யூனிட்தான். ஆண்டுக்கு 200 யூனிட், 1,600 ரூபாய். பல லட்சத்தை மீட்க இந்த லிஃப்டின் ஆயுளே போதாது. பற்சக்கரப் பெட்டி தேய்ந்து மாற்றும் காலம் வரும்போது அதைப் பார்க்கலாம் என்று ஒத்திவைத்தோம்.

செய்தது இரண்டே வேலை. கூண்டின் குழல்விளக்குகளை எடுத்துவிட்டு 18 வாட் எல்.இ.டி. விளக்குகள் போட்டோம், அழைப்பு இல்லாதபோது விளக்கையும் விசிறியையும் தாமாக அணைக்கும் ரிலேயை இயக்கினோம். அந்த ரிலே தொடக்கத்திலிருந்தே பலகையில் இருந்தது. என்றோ பழுதுபார்க்க வந்தவர் கம்பி ஒன்றை இட்டு அதைத் தாண்டிவிட்டிருந்தார். லிஃப்ட் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு லிஃப்ட் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்று இயங்குவது என்பதால், இந்த மாற்றத்தைப் பராமரிப்பு ஒப்பந்த நிறுவனத்தின் பணியாளரே செய்ய வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தோம். அவசர விளக்கையும் அழைப்பு மணியையும் அணைக்கும் வழியில் சேர்க்கவில்லை. இரண்டாவது வேலையாக, ஜெனரேட்டர் ஓடும்போது ஆழ்துளைக் கிணற்று மோட்டார் கிளம்பாதபடி இணைப்பை மாற்றினோம். மேல்தொட்டி நிறைந்திருந்தால் அரைநாள் தடையைத் தாங்கும்.

தொடர்ந்து நடந்தவை

முதல் மூன்று நாள் எதிர்ப்பு வந்தது. அணையும் நேரத்தை 30 நொடி என்று வைத்துவிட்டார்கள். கதவு திறந்த பிறகே விளக்கு எரிந்ததால் இருட்டுக் கூண்டைப் பார்த்து ஒரு சிறுமி அழுதுவிட்டாள். அழைப்புப் பொத்தானை அழுத்திய உடனே விளக்கு எரியும்படியும், கடைசி ஓட்டத்துக்கு மூன்று நிமிடம் கழித்தே அணையும்படியும் மாற்றியதும் புகார் நின்றது.

மூன்று வார அளவீட்டில் ஒருமுனை வழியின் செலவு 2.5 யூனிட்டிலிருந்து அரை யூனிட்டுக்குக் குறைந்தது. மும்முனை வழி மாறவில்லை. மொத்தம் 5.4 என்பது 3.4 ஆனது, இரண்டு மாதத்துக்கு 120 யூனிட், 960 ரூபாய் மிச்சம்.

ஆனால் ஏப்ரல், மே மாதங்களுக்கான பில் 1,410 யூனிட் என்று வந்தது. கூட்டத்தில் சிலர் கோபப்பட்டார்கள். அவர்கள் கோபம் நியாயமானதே. கோடையில் நிலத்தடி நீர் இறங்கியதால் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் கூடுதலாக ஓடியிருந்தது, லிஃப்டில் மிச்சமானதை அது தின்றுவிட்டது. இரண்டு சப் மீட்டர்களின் வாரக் குறிப்புகள் கையில் இல்லாமல் இருந்திருந்தால், செய்த வேலை பயனற்றது என்றே முடிவாகியிருக்கும். ஜெனரேட்டரில் லிஃப்ட் மறுபடி நிற்கவில்லை. மே மாதத்தில் மின்தடை ஐந்து முறை வந்தது.

மறுபடி செய்தால்

இரண்டு வழிகளிலும் ஒரே நாளில் மீட்டர் பொருத்துவேன். தண்ணீர் மோட்டாருக்கும் ஒன்று சேர்ப்பேன். அந்த ஒரு மீட்டர் இருந்திருந்தால் மே மாதக் கூட்டம் வேறு மாதிரி நடந்திருக்கும். டிரைவின் பிழைப் பட்டியலை டிசம்பரிலேயே, முதல் முறை லிஃப்ட் நின்ற அன்றே பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் இரண்டாம் முறை நின்றிருக்காது என்பது என் மனத்தை இன்றும் உறுத்துகிறது.

நிற்கும்போது இழுக்கப்படும் 75 வாட் இன்னும் அப்படியே இருக்கிறது. சார்ஜர் தொட்டால் சுடுகிறது. மீட்புக் கருவியின் பேட்டரிகளை மாற்றும் தவணை வரும்போது, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் இரவு இரண்டு மணிக்குச் சிமிட்டல்களை எண்ணிப் பார்ப்பதாகச் செயலாளரும் நானும் முடிவு செய்திருக்கிறோம்.